ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு பூஜ்யம்

சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. முள்ளை நகர்த்தத் தேவைப்படுவதோ நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு. 32,768ஐப் பாதியாக்கி, வந்ததை மறுபடி பாதியாக்கி, இப்படியே 15 முறை செய்தால் மிஞ்சுவது 1. அதனால் படிகத்துக்கும் முள்ளுக்கும் நடுவே பாதியாக்கும் சின்னஞ்சிறு மின்சுற்றுகள் 15 வரிசையாக நிற்கின்றன. முதல் சுற்று படிகத்தைக் கேட்டு நடக்கிறது, இரண்டாவது முதலாவதைக் கேட்டு, மூன்றாவது இரண்டாவதைக் கேட்டு.

எந்த மின்சுற்றும் கேட்ட கணத்திலேயே பதில் சொல்லிவிடாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். 15 சுற்றுகளின் தாமதமும் கூடித்தான் கடைசித் துடிப்பு முள்ளுக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு நொடியும் இப்படித் தாமதமானால், நாளுக்கு 86,400 நொடியில் கடிகாரம் எவ்வளவு பின்தங்க வேண்டும்?

சுத்தமாகப் பின்தங்காது. ஆனால் இதே 15 சுற்றுகளிலும் கம்பி எடுத்து, "இப்போது என்ன எண் நிற்கிறது?" என்று ஓடும்போதே படிக்கப் பார்த்தால், அதே தாமதம் படிப்பவரை நன்றாக ஏமாற்றும். ஒரே வரிசை, ஒரே தாமதம். ஒரு வேலைக்குக் கேடில்லை, இன்னொரு வேலைக்குப் பெருங்கேடு. அது ஏன் என்று பார்ப்போம்.

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிப் போகும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவைக் குவியலிலிருந்து மாடி வரை பத்துப் பேர். ஒரு சட்டி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போக 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழே தூக்கிய சட்டி மேலே வர 20 நொடி. ஆனாலும் மேலே நிற்கும் கொத்தனார் சட்டிக்குச் சட்டி 20 நொடி காத்திருப்பதில்லை. முதல் சட்டிக்கு மட்டும்தான் அந்தக் காத்திருப்பு. அதன் பிறகு 2 நொடிக்கு ஒரு சட்டி தவறாமல் வந்துகொண்டிருக்கும். கடிகார முள் இந்தக் கொத்தனாரைப் போன்றது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு தாமதமாக வருவதால் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் மாறுவதில்லை.

ஆனால் வேலை நடக்கும்போது யாராவது வந்து, "இதுவரை எத்தனை சட்டி ஆயிற்று?" என்று கேட்டால்? கீழே இருப்பவர் ஒரு கணக்குச் சொல்வார், மேலே இருப்பவர் வேறு கணக்குச் சொல்வார், நடுவில் சில சட்டிகள் கையில் இருக்கும். கேட்ட நொடியில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு என்று ஒன்று அங்கே இல்லை.

பாதியாக்கும் அந்தச் சுற்றுக்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர். தமிழில் எழுவிழு என்றும் எழுதுகிறார்கள். அதற்கு இரண்டே நிலை, 0 அல்லது 1. துடிப்பு வந்தால் மற்ற நிலைக்குத் தாவும், அடுத்த துடிப்பு வரும்வரை அங்கேயே நிற்கும். இரண்டு துடிப்புக்கு ஒரு முறைதான் அது 1இலிருந்து 0க்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தையே அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்புக்குத் துடிப்பாகக் கொடுத்தால் அது நான்கு துடிப்புக்கு ஒரு முறை இறங்கும். நான்கு ஃபிளிப்-ஃபிளாப்புகளை இப்படித் தொடுத்தால் அவற்றின் நிலைகள் சேர்ந்து 0000 முதல் 1111 வரை, அதாவது 0 முதல் 15 வரை, இரும எண்ணாக எண்ணிக் காட்டும். குளத்தில் விழுந்த கல்லின் அலைபோல மாற்றம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவுவதால் இதற்குச் சிற்றலை எண்ணி என்று பெயர். ஆங்கில வழியில் படித்தவர்கள் ரிப்பிள் கவுண்டர் என்பார்கள். ஒரு சுற்று கேட்டதற்கும் பதில் சொல்வதற்கும் இடைப்பட்ட நேரம் பரவு தாமதம்.

1932இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் என்பவர் தைராட்ரான் என்ற வாயுக் குழாய்களைக் கொண்டு இரண்டிரண்டாகக் குறைக்கும் எண்ணியை வெளியிட்டார். கதிரியக்கத் துகள்கள் வரும் வேகத்துக்கு அன்றைய இயந்திர எண்ணியால் ஈடுகொடுக்க முடியவில்லை. துகள் துடிப்புகளைச் சில முறை பாதியாக்கி, குறைந்த வேகத்தில் இயந்திரத்துக்குக் கொடுத்தால் ஒன்றும் தவறாது. அங்கேயும் முக்கியம் கடைசிப் படியிலிருந்து வரும் துடிப்புதான். அது கொஞ்சம் பிந்தி வருவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி உண்மையான ஒரு சிப்பைக் கையில் எடுப்போம். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் பிரெட்போர்டில் குத்திய 7493. 14 கால்கள், உள்ளே நான்கு ஃபிளிப்-ஃபிளாப். முதல் ஃபிளிப்-ஃபிளாப் தனியாகவும் மற்ற மூன்று ஒன்றாகவும் இருப்பதால், 12ஆம் காலிலிருந்து 1ஆம் காலுக்கு நாமே ஒரு கம்பி போட்டால்தான் நான்கும் சேர்ந்து எண்ணும். 14ஆம் காலில் துடிப்பு கொடுக்க வேண்டும். எல்.எஸ். குடும்பத்து 7493இல் ஒரு படி மாற ஏறத்தாழ 12 நானோ நொடி ஆகும். நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

எண்ணி 7இல் நிற்கிறது, அதாவது 0111. அடுத்த துடிப்பு வருகிறது. நாம் எதிர்பார்ப்பது 8, அதாவது 1000. நான்கு இடமும் மாற வேண்டிய நேரம் இது. முதலில் ஒன்றின் இடம் மட்டும் 1இலிருந்து 0 ஆகிறது. மற்றவற்றுக்குச் செய்தி இன்னும் போகவில்லை. இந்தக் கணத்தில் எண்ணியில் நிற்பது 0110, அதாவது 6. சுமார் 12 நானோ நொடி கழித்து இரண்டின் இடம் இறங்குகிறது: 0100, அதாவது 4. இன்னும் 12 கழித்து நான்கின் இடம்: 0000, பூஜ்யம். கடைசியாக எட்டின் இடம் எழுகிறது: 1000. ஆக 7க்கும் 8க்கும் நடுவே எண்ணி 6, 4, 0 என்று மூன்று பொய்களைச் சொல்லிவிட்டுத்தான் உண்மைக்கு வருகிறது.

கண்ணுக்கு இது தெரியாது. நான்கு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்திவிட்டு எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் 7க்குப் பின் 8தான் தெரியும். அதனால் ஆய்வகத்தில் உண்மை அட்டவணையைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற மாணவர் இந்தப் பொய்களைச் சந்திக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். சந்திக்க வைக்க ஒரு வழி இருக்கிறது.

7493இன் நான்கு வெளியீடுகளையும் ஒரு ஆண்ட் கேட்டுக்குக் கொடுத்து, எண் 4 வந்தால் மட்டும் கேட் 1 சொல்லும்படி செய்யுங்கள். நான்கின் இடத்தை நேராகவும் மற்ற மூன்றைத் தலைகீழாக்கியும் கொடுத்தால் போதும். இப்போது அந்த கேட்டின் வெளியீட்டை இன்னொரு எண்ணியின் துடிப்புக் காலில் இணையுங்கள். முதல் எண்ணி 0 முதல் 15 வரை ஒரு சுற்று முடிக்கும்போது 4 ஒரு முறைதான் வருகிறது. இரண்டாவது எண்ணி ஒன்று கூட வேண்டும். அது மூன்று கூடும்.

எங்கிருந்து வந்தன மற்ற இரண்டும்? ஒன்று, நாம் பார்த்த 7இலிருந்து 8க்குப் போகும் பயணத்தில். இன்னொன்று 5இலிருந்து 6க்குப் போகும்போது. 0101இல் முதலில் ஒன்றின் இடம் இறங்க 0100 ஆகிறது, பிறகுதான் இரண்டின் இடம் எழுந்து 0110. நடுவில் எட்டிப் பார்ப்பது 4. எல்.இ.டி.க்கும் கண்ணுக்கும் 12 நானோ நொடி என்பது ஒன்றுமே இல்லை. அடுத்த எண்ணிக்கோ அது ஒரு முழுத் துடிப்பு. இந்தப் பொய்த் துடிப்பைத்தான் கிளிட்ச் என்கிறார்கள்.

நடைமுறையில் இந்தச் சோதனை சில சமயம் போக்குக் காட்டும். ஆண்ட் கேட்டின் சொந்தத் தாமதமும் கிட்டத்தட்ட 10 நானோ நொடிதான் என்பதால், இத்தனை குறுகிய துடிப்பை அது விழுங்கிவிடவும் செய்யலாம். ஒரு சிப்பில் மூன்று கூடும், வேறு சிப்பில் இரண்டு, அதே சிப் சூடேறினால் வேறு கணக்கு. பழுதுபார்ப்பவரைப் பைத்தியமாக்குவதே இந்த ஒழுங்கின்மைதான். அலைநோக்கியில் பார்க்கலாம் என்றால், கல்லூரிகளில் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் அலைநோக்கியால் 17 நானோ நொடிக்குக் குறைவான ஏற்றத்தைச் சரியாக வரைய முடியாது. 12 நானோ நொடித் துடிப்பு அதில் ஒரு சிறு மேடாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். தெளிவாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 4040 என்ற சிமாஸ் சிப்பை எடுத்துக்கொள்ளலாம். 12 படிகள், 5 வோல்ட்டில் படிக்கு ஏறத்தாழ 100 நானோ நொடி. எந்தப் பழைய அலைநோக்கியிலும் படிக்கட்டுபோல ஒன்றன்பின் ஒன்றாக வெளியீடுகள் மாறுவது தெரியும்.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. பிழை வந்தால், "துடிப்பு ரொம்ப வேகம் போலிருக்கிறது, மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்" என்பதுதான் முதல் யோசனையாக இருக்கும். ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு ஒரு துடிப்பு கொடுத்தாலும் இரண்டாவது எண்ணி மூன்றே கூடும். ஏனென்றால் 6, 4, 0 என்ற பொய்களின் நீளம் ஃபிளிப்-ஃபிளாப்பின் தாமதத்தைப் பொறுத்தது, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்தது அல்ல. வேகத்தைக் குறைத்ததும் மறையும் பிழை ஒரு ஜாதி, குறைத்தாலும் அப்படியே நிற்கும் பிழை வேறு ஜாதி. சிற்றலை எண்ணியின் கிளிட்ச் இரண்டாவது ஜாதி. நோயை அடையாளம் காண இதைவிட மலிவான சோதனை கிடையாது.

இந்தப் பொய்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒற்றைப்படை எண்ணிலிருந்து நகரும்போதுதான் பொய்கள் வரும், ஏனென்றால் அப்போதுதான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் மாறுகின்றன. நகரத் தொடங்கியதும் முதலில் ஒன்றின் இடம் 0 ஆகிவிடுவதால் நடுவில் தோன்றுவதெல்லாம் இரட்டைப்படை எண்களே. அடுத்த துடிப்பு வருமுன் அலை அடங்கிவிடும் வேகத்தில் ஓட்டினால், 5ஐயோ 9ஐயோ பார்த்துக்கொண்டிருக்கும் கேட் ஏமாறாது. 4ஐயும் 8ஐயும் பார்க்கும் கேட்தான் ஏமாறும். அதைவிடப் பயனுள்ள இன்னொரு விஷயம்: மேல்நோக்கி எண்ணும்போது தோன்றும் பொய் எண் எப்போதும் நின்ற எண்ணைவிடச் சிறியது. 7இலிருந்து கிளம்பினால் 6, 4, 0. ஒருபோதும் 10 தோன்றாது. அதனால்தான் 7493ஐப் பத்தில் திருப்பி அனுப்பும் பழைய தந்திரம் பலிக்கிறது. இரண்டின் இடத்தையும் எட்டின் இடத்தையும் 2, 3ஆம் கால்களுக்குக் கொடுத்தால், 10 வந்ததும் எண்ணி தன்னைத்தானே பூஜ்யமாக்கிக்கொள்கிறது. வழியில் எந்தப் பொய்யும் அதை முன்கூட்டியே தூண்டுவதில்லை. நானறிந்தவரை பாடப்புத்தகங்கள் இந்தத் தந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கின்றன, அது ஏன் தப்பிக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இனி வேகத்துக்கு வருவோம். 7493இன் தரவுத்தாளில் இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உள்ளீட்டில் 32 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுக்கலாம், எண்ணிக்கை தவறாது என்கிறது ஒரு வரி. அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 31 நானோ நொடி. முதல் உள்ளீட்டிலிருந்து எட்டின் இடத்துக்குச் செய்தி போய்ச் சேர அதிகபட்சம் 70 நானோ நொடி ஆகலாம் என்கிறது இன்னொரு வரி. அதாவது ஒரு துடிப்பின் விளைவு கடைசிப் படியை எட்டுவதற்குள் மேலும் இரண்டு துடிப்புகள் உள்ளே நுழைந்துவிடும். கலவை வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டிகள் கைமாறிக்கொண்டிருப்பது போலத்தான். எண்ணிக்கை தவறவில்லை, ஒரு துடிப்பும் தொலையவில்லை. ஆனால் நான்கு வெளியீடுகளும் ஒரே நேரத்தில் உண்மை சொல்லும் கணம் இருந்தே தீரும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஓடும்போதே எண்ணைப் படிக்க வேண்டுமானால், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் 70 நானோ நொடி பொறுத்திருக்க வேண்டும். துடிப்பின் இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நொடியை 70 நானோ நொடியால் வகுத்தால் சுமார் 14 மெகாஹெர்ட்ஸ். எண்ணுவதற்கு 32, படிப்பதற்கு 14. இந்த இரண்டாவது வரம்புதான் படிகள் கூடக் கூடத் தேய்கிறது. மூன்று 7493களைத் தொடுத்து 12 இட எண்ணி செய்தால் தாமதம் 210 நானோ நொடி, படிக்கும் வரம்பு 5 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே. எண்ணும் வரம்பு அப்போதும் அதே 32தான், ஏனென்றால் முதல் படி மட்டுமே முழு வேகத்தில் தாவுகிறது. அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது கால்.

தவறான கணத்தில் படித்தால் வரும் பிழையும் சின்னதாக இருக்காது. 12 இட எண்ணி 2047இலிருந்து 2048க்குப் போகும்போது 11 இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, கடைசியில் ஒன்று எழ வேண்டும். எழுவதற்குச் சற்று முன் படித்தவருக்குக் கிடைப்பது பூஜ்யம். அளவுமானியில் ஒன்று இரண்டு கூடக்குறைய வந்தால் சகித்துக்கொள்ளலாம். 2048க்குப் பதில் 0 வந்தால் அந்த எண்ணை நம்பி ஓடும் மோட்டார் நின்றுவிடும்.

அதற்காகச் சிற்றலை எண்ணியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதிர்வெண்மானியில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நொடி கதவைத் திறந்து வைத்து, அந்த நேரத்தில் நுழைந்த துடிப்புகளை எண்ணி, கதவை மூடிவிடுகிறார்கள். மூடிய பின் புதுத் துடிப்பு இல்லை. வரிசையில் ஓடிக்கொண்டிருந்த அலை ஒரு மைக்ரோ நொடிக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு நிதானமாக எண்ணைப் படித்துத் திரையில் காட்டிவிட்டு, எண்ணியைப் பூஜ்யமாக்கி, மறுபடி கதவைத் திறக்கிறார்கள். ஓடும்போது யாரும் எட்டிப் பார்க்காததால் தாமதம் யாரையும் ஏமாற்றுவதில்லை. மின்சாரச் செலவும் குறைவு. ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி வேகத்தில் தாவுவதால், எத்தனை படி வைத்தாலும் மொத்தத் தாவல் முதல் படியின் தாவலைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. ஒரு பொத்தான் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இது பெரிய விஷயம்.

ஓடும்போதே படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அமைப்பை மாற்ற வேண்டும். ஒத்தியங்கு எண்ணி, சிங்க்ரனஸ் கவுண்டர், செய்வது இதுதான்: துடிப்பை முதல் ஃபிளிப்-ஃபிளாப்புக்கு மட்டும் கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் கொடுக்கிறது. ஆனால் துடிப்பு வந்ததும் எல்லாமே தாவிவிட்டால் எண்ணிக்கை ஏது? அதனால் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் அனுமதி என்று ஒரு கம்பி இருக்கிறது. தனக்குக் கீழே உள்ள இடங்கள் எல்லாம் 1 ஆக நின்றால் மட்டும் அனுமதி கிடைக்கும். நம் பள்ளிக் கணக்கில் 999க்குப் பிறகு ஆயிரத்தின் இடம் கூடுவது, கீழே எல்லாம் 9 ஆக நின்றதால்தானே.

0111இல் எண்ணி நிற்கும்போதே ஆண்ட் கேட்டுகள் கீழிடங்களைப் பார்த்து, எட்டின் இடம் உட்பட நான்குக்கும் அனுமதி கொடுத்துவைத்துவிடுகின்றன. துடிப்பு வந்ததும் நான்கும் சேர்ந்து தாவுகின்றன. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. எல்.எஸ். குடும்பத்தில் 74163 என்ற நான்கு இட ஒத்தியங்கு எண்ணியில் துடிப்பு வந்து அதிகபட்சம் 27 நானோ நொடியில் நான்கு வெளியீடுகளும் புதிய எண்ணுக்கு வந்துவிடும். நான்கு சிப்புகளைச் சேர்த்து 16 இடமாக்கினாலும் அதே 27தான். நான்கு 7493கள் என்றால் 280.

இங்கே ஒரு வேடிக்கை. 74163க்கு உறுதியளிக்கப்பட்ட வேகம் 25 மெகாஹெர்ட்ஸ், "மெதுவான" 7493இன் 32ஐவிடக் குறைவு. அனுமதி கொடுக்கும் கேட்டுகளுக்கும் நேரம் தேவை, அனுமதி அடுத்த துடிப்புக்குக் கொஞ்சம் முன்பே வந்து நிலைத்திருக்கவும் வேண்டும். இந்த முன்னேற்பாட்டுக்கு மட்டும் 20 நானோ நொடி கேட்கிறது தரவுத்தாள். எண்ணியின் வேகம் என்று ஒற்றை எண்ணைச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுவது ஏன் தப்பு என்பது இங்கே விளங்கும். 25 மெகாஹெர்ட்ஸில் 74163இன் ஒவ்வொரு 40 நானோ நொடியிலும் கடைசி 13 நானோ நொடி எண் சுத்தமாக நிற்கும். அதே வேகத்தில் 7493இடம் அப்படி ஒரு கணத்தை உறுதியாகக் கேட்க முடியாது.

ஒத்தியங்கு எண்ணியில் பொய்யே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஒரு வெளியீடு எழ எடுக்கும் நேரமும் இறங்க எடுக்கும் நேரமும் 74163இல் சில நானோ நொடி வேறுபடுகின்றன. அந்த இடுக்கில் ஒரு கேட் துடித்துவிடலாம். ஆனால் அந்த இடுக்கு இடங்களின் எண்ணிக்கையோடு வளர்வதில்லை. எல்லாப் பொய்களும் துடிப்பை ஒட்டிய சிறு நேரத்துக்குள் அடங்கிவிடுவதால், அடுத்த துடிப்பின் விளிம்பில் படிப்பவருக்கு அவை தெரிவதே இல்லை.

அப்படியானால் சேர்ந்துகொண்டே போகும் தாமதம் ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. நான்கு 74163களைத் தொடுக்கும்போது, முதல் சிப் 15ஐ எட்டியதும் "நான் நிரம்பிவிட்டேன்" என்று ஒரு காலில் சொல்கிறது. அதைக் கேட்டு இரண்டாவது, தானும் நிரம்பியிருந்தால் மூன்றாவதுக்குச் சொல்கிறது, அது நான்காவதுக்கு. முதல் சிப் சொல்ல 35, இரண்டாவதும் மூன்றாவதும் கடத்த 14, 14, நான்காவதன் முன்னேற்பாடு 20. கூட்டினால் 83 நானோ நொடி. வேகம் 12 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. படிக்கும் எண்ணில் இருந்த சிற்றலை இப்போது அனுமதிக் கம்பியில் ஓடுகிறது. எண் பொய் சொல்வதில்லை, ஆனால் அனுமதி வந்துசேரும்வரை அடுத்த துடிப்பைக் கொடுக்க முடியாது.

இதற்குச் சிப்பைச் செய்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 74163இல் அனுமதிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கால்கள் இருப்பது அதற்காகத்தான். இரண்டும் சம்மதித்தால்தான் சிப் எண்ணும். ஆனால் அவற்றில் ஒன்றுதான் "நிரம்பிவிட்டேன்" என்ற செய்தியை மேலே கடத்தும், மற்றது கடத்தாது. முதல் சிப்பின் செய்தியை மற்ற மூன்று சிப்புகளின் கடத்தாத காலுக்கும் நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது சிப்புகளின் செய்தி மட்டும் கடத்தும் கால்கள் வழியாக வரிசையாகப் போகிறது. இரண்டாவது சிப் 16 துடிப்புக்கு ஒரு முறைதானே மாறுகிறது? ஆகவே மேல்வரிசைச் செய்தி நடந்து போய்ச் சேர 15 துடிப்பு நேரம் இருக்கிறது. அவசரமானது முதல் சிப்பின் செய்தி ஒன்றுதான். அது ஒரே தாவலில் எல்லாருக்கும் போய்விடும். 35ம் 20ம் சேர்ந்து 55 நானோ நொடி. வேகம் 18 மெகாஹெர்ட்ஸ்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 74163இல் நமக்கு வேண்டிய எண்ணை வெளியிலிருந்து ஏற்றி, அங்கிருந்து எண்ணத் தொடங்கலாம். 18 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எண்ணியில் 4095ஐ ஏற்றுங்கள். முதல் மூன்று சிப்புகளும் ஒரே துடிப்பில் 15 ஆகிவிட்டன. 15 துடிப்பு அவகாசம் என்று நம்பியிருந்தோமே, அது இப்போது ஒரே துடிப்பாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவது சிப் சொல்ல 35, மூன்றாவது கடத்த 14, நான்காவதன் முன்னேற்பாடு 20, ஆக 69 நானோ நொடி வேண்டும். கையில் இருப்பதோ 55. நான்காவது சிப்புக்கு அனுமதி வராமலே துடிப்பு வந்துவிட்டால் கீழே மூன்றும் பூஜ்யமாகும், மேலே இருப்பது அசையாது. 4096 வர வேண்டிய இடத்தில் 0 வரும். சிற்றலை எண்ணியின் பூஜ்யம் சில நானோ நொடியில் சரியாகிவிடும். இது அப்படியே நிற்கும், அங்கிருந்தே எண்ணிக்கொண்டும் போகும். துடிப்பின் வேகத்தைக் குறைத்தால் இந்தப் பிழை மறைந்துவிடும். 4094ஐ ஏற்றினாலும் வராது, ஒரு துடிப்பு அவகாசம் கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது.